கொல்லம் ஆண்டில் கட்டிய வரி

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும், வைகாசி மாதம் எவ்வளவு பொல்லாதது என்று. அருவியில் தண்ணீர் இருக்காது. பாறை காய்ந்து கருத்துக் கிடக்கும். வெளியூர் ஆள் ஒருவர்கூட எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் செலவு மட்டும் வரிசை கட்டி வந்து நிற்கும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும், பாய் தலையணை புதிதாக வாங்க வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடித்துக் கூட்டம் வந்தால்தான் இதெல்லாம் திரும்பக் கைக்கு வரும்.

நான் சொல்வது அறுபதுகளின் முற்பகுதி. நானும் என் வீட்டுக்காரரும் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன லாட்ஜ் நடத்தினோம். கட்டிடம் எங்களுடையது இல்லை. தென்காசியில் நெல் மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையது. வருஷக் குத்தகை. வைகாசி முடிவதற்குள் குத்தகைப் பணம் முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அவர் சண்டை போட மாட்டார், சிரித்த முகத்தோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அந்த வருஷம் அப்படி ஓர் ஆள் தயாராகக் காத்திருந்தது எங்களுக்குத் தெரியும். எங்கள் லாட்ஜுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் அவர். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே எங்கள் மாடியை அண்ணாந்து பார்ப்பார். பார்க்கிற பார்வையிலேயே அவர் எந்த அறையில் யாரைத் தங்க வைப்பார் என்பது எனக்குப் புரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குத்தகைப் பணத்தை ஒருவழியாகச் சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்த சமயத்தில்தான் திருநெல்வேலி இன்கம்டாக்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பியூன் வந்தார். பழுப்பு உறை ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு டம்ளர் மோர் குடித்தார். "அருவி எப்பம்மா விழும்?" என்று விசாரித்தார். போய்விட்டார். உறைக்குள் நாங்கள் கொடுத்த கணக்குக்கு ஆபீஸ் போட்ட வரியும், மீதி இவ்வளவு கட்ட வேண்டும் என்ற டிமாண்ட் நோட்டீஸும், கட்டுவதற்கு ஒரு சலானும் இருந்தன. அந்தத் தொகையைக் கட்டினால் பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசி போய்விடும். குத்தகை போய்விடும். லாட்ஜ் எதிர்க்கடைக்காரருக்குப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டிச் சாவியை எடுத்தார்.

"என்ன செய்யப் போறீக?" என்றேன்.

"கெட்டிருவோம். கெவருமெண்டு கேக்குது. நாம என்னத்தச் சொல்ல?"

"கெட்டிட்டுக் குத்தகைக்கு எங்க போறது?"

அவர் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். என் வீட்டுக்காரர் நல்லவர். ஊரில் ஒருத்தர் அவரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் அரசாங்க முத்திரை வைத்த தாளைப் பார்த்தால் போதும், எழுந்து நின்று கும்பிடாத குறைதான். தபால்காரருக்குக்கூட அவர் நாற்காலி போடுவார். நானோ அவருக்கு நேர் எதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னைப் பெற்றவர்கள் என்னைப் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் சேர்த்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பில் எனக்கு இங்கிலீஷும் வந்தது, எதிர்த்துப் பேசவும் வந்தது. சாவியை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் என் அண்ணன் வந்தான். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். கோர்ட்டுக்குப் போவது அவனுக்குக் கோயிலுக்குப் போவதைப் போல. சுவர் தகராறு, சாக்கடைத் தகராறு, பாகத் தகராறு என்று எப்போதும் நாலைந்து வழக்கு நடத்திக்கொண்டிருப்பான். நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது, ஆனால் தொகை புரிந்தது.

"ஏட்டி, இத விடப்படாது. அப்பீலு போடணும். என் வக்கீல்ட்ட சொல்லுதேன். இவனுவள ஒரு கை பாத்திருவோம்" என்றான்.

"என்னன்னு அப்பீல் போட?"

"அதெல்லாம் அவுக பாத்துக்கிடுவாக. மாப்ள ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் மச்சான். கெட்டிருவோம்" என்றார் மறுபடியும்.

"மாப்ள, நீரு இப்பிடிக் கெட்டிக் கெட்டித்தான் அவனுவ ஏறி மிதிக்கானுவ" என்று அண்ணன் குரலை உயர்த்தினான். ஒருவர் பணத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறார், இன்னொருவன் சண்டைக்குப் போகச் சொல்கிறான். இரண்டு பேரில் ஒருவராவது அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்களா? கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில், இரண்டு பேருக்கும் காபி கிடையாது என்று சொல்லிவிட்டு நோட்டீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மாடியில் காலியாக இருந்த அறை ஒன்றில் கட்டிலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். முதலில் கோபத்தோடு படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. பிறகு எங்கள் கணக்கு நோட்டையும் நாங்கள் அனுப்பிய கணக்கின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எங்கள் மொத்த வருமானம் என்று ஆபீஸ் போட்டிருந்த தொகை நாங்கள் சொன்ன தொகையேதான். ஒரு காசு கூட்டவில்லை. அதற்கு வரி இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். நானும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அடுத்தது, ஏற்கெனவே கட்டிய வரியைக் கழிக்கிற இடம். அங்கேதான் என் விரல் நின்றது.

அந்தக் கணக்குக்குத்தான் எங்களுக்கு முதன்முறையாக முன்கூட்டியே வரி கட்டச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. போன கணக்கை வைத்து ஆபீஸே ஒரு தொகை போட்டு, தவணை தவணையாகக் கட்டச் சொல்லியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தவணையும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் தென்காசி தாலுகா கஜானாவுக்கு நேரில் போய்க் கட்டிவிட்டு வந்தார். ஆனால் நோட்டீஸில் முதல் தவணையை மட்டும்தான் கழித்திருந்தார்கள். மற்ற தவணைகளைக் காணோம். கட்டிய பணம் எங்கேயோ நிற்கிறது, அதை மறுபடியும் எங்களிடம் கேட்கிறார்கள். எல்லாத் தவணையையும் கழித்துப் பார்த்தேன். மீதி கொஞ்சம் நின்றது. அது நாங்கள் நிஜமாகவே கட்ட வேண்டியதுதான். முன்பு கட்டச் சொன்னது பழைய வருமானத்தை வைத்து. அந்தக் கணக்கு வருஷத்தில் சாரல் நன்றாக இருந்ததால் வருமானம் கொஞ்சம் கூடியிருந்தது. அந்தச் சின்னத் தொகையைக் கட்டிவிட்டாலும் குத்தகைக்குப் பணம் போதும்.

தாளின் பின்பக்கத்தையும் படித்தேன். இத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வட்டியும் அபராதமும் உண்டு, அப்பீல் போடுவதென்றால் முப்பது நாளுக்குள் மேலதிகாரியிடம் போட வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. மனசு லேசாகிக் கீழே இறங்கினேன். அண்ணன் போய்விட்டிருந்தான். காபி கிடைக்காத கோபம்.

"தவணை கெட்டின சலானெல்லாம் எங்க? கஜானாவுல சீல் வச்சுத் தந்தாங்கல்லா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. "அது எதுக்கு?" என்றார்.

"பணம் கெட்டினதுக்கு அதுதானே சாட்சி? எடுங்க."

மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கிய கம்பியில்தான் எல்லா ரசீதும் குத்தி வைத்திருப்போம். அதிலிருந்து அவர் ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். முதல் சலானில் ஆபீஸே டைப் அடித்து அனுப்பிய விவரம் இருந்தது. மற்றவை அவர் கையெழுத்தில் இருந்தன. ஆபீஸ் அனுப்பிய மற்ற சலான்கள் அந்த ஆடியில் ஓடு ஒழுகி நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கஜானாவில் வெற்றுச் சலான் வாங்கி அவரே எழுதிக் கட்டியிருக்கிறார். பெயர் சரி. தொகை சரி. எந்த வருஷத்து வரி என்று எழுத வேண்டிய இடத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்று ஓர் எண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆவணியில் பிறக்கிற கொல்லம் ஆண்டு, மலையாள வருஷம். எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுதுவதும் பஞ்சாங்கம் பார்ப்பதும் கொல்லத்தில்தான். லாட்ஜ் கணக்கையும் நாங்கள் ஆடி கடைசியில் முடித்து ஆவணி முதல் தேதி புது நோட்டுப் போடுவோம். சீசனும் அதோடு முடிந்துவிடுவதால் அதுதான் வசதி. ஆபீஸும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் வரி போடுகிற வருஷம் அவர்களுக்கு ஏப்ரலில் பிறக்கிற சர்க்கார் வருஷம், அதை இங்கிலீஷ் எண்ணில்தான் எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் கடைசித் தவணைகளைக் கட்டியது ஆவணிக்குப் பிறகு. புதுக் கொல்லம் ஆண்டு பிறந்துவிட்டது. கட்டுகிற நாளில் எந்த ஆண்டோ அதை எழுதியிருக்கிறார். கஜானாவில் இருந்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே? அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் கொல்லம்தான். பார்த்தவுடன் சீல் வைத்துவிட்டார்கள்.

நான் சிரித்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"நான் நோட்டீஸுல கழிச்ச தொகையப் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், வருஷம் எழுதுனதுலதான் என்னமோ ஆயிப்போச்சுன்னு. தப்பா எழுதிக் கெட்டினா அந்தப் பணம் போனதுதானே. அபராதம்னு நெனச்சுத் திருப்பிக் கெட்டிரலாம்னு இருந்தேன். ஒன்ட்ட சொல்ல வாய் வரல" என்றார்.

இதற்காகத்தான் இந்த மனுஷன் கெட்டிருவோம் கெட்டிருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரா! நான் அவரைக் கோழை என்று நினைத்துச் சாவியைப் பிடுங்கினேன். எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"கெட்டின பணம் எங்கயும் போவாது. வேற வருஷத்துக் கணக்குல போய் நிக்கி. அத எடுத்துச் சரியான வருஷத்துல வைக்கச் சொல்லணும், அம்புட்டுத்தான். இதுக்கு எதுக்கு அபராதம்?" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மூன்று பேருமாகத் திருநெல்வேலிக்குப் போனோம். அண்ணன் விடவில்லை, முதலில் அவனுடைய வக்கீலைத்தான் பார்க்க வேண்டும் என்றான். அப்பீல் மனுவை டைப் அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தானாம். வக்கீல் வயதானவர், வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக எல்லாத் தாளையும் பார்த்தார்.

"வருமானத்தக் கூட்டிட்டாங்கன்னு சொல்லுதீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன் நான்.

"வரி போட்டது தப்புங்கீங்களா?"

"அதுவும் இல்லைங்க. கெட்டினதக் கழிக்கல. அதுதான்."

"அப்ப இது அப்பீலுக்குள்ள விஷயமே இல்லம்மா. ஆபீஸ் ரிகார்டப் பாத்தாலே தெரியுத தப்பு. அதே ஆபீசர்ட்ட திருத்திக் கொடுங்கன்னு ஒரு பெட்டிஷன் கொடுங்க. ஆனா ஒண்ணு. பெட்டிஷன் கொடுத்தா அப்பீல் கெடு நிக்காது. அவுக திருத்த மாட்டேன்னு சொல்லுததுக்குள்ள முப்பது நாளும் போயிரும். அதை யோசிச்சுக்கோங்க."

அண்ணனுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். "பாத்தியாட்டி? ரெண்டையும் போட்டு வைப்போம். ஒண்ணுல்லன்னா ஒண்ணு" என்றான். வக்கீல் வெற்றிலையை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தார். முடிவு எங்கள் கையில்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் அண்ணன் முன்னால் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மச்சான், எழுதுனது நான். தப்பு என்னோடது. என் தப்புக்கு ஆபீசர் மேல நான் எப்பிடி அப்பீலு போடுவேன்? என்னன்னு எழுதுவேன் அதுல? வேண்டாம். நான் போய்ச் சொல்லுதேன். கேட்டாக் கேக்கட்டும்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். வக்கீல் பணம் வாங்கவில்லை. பெட்டிஷனில் என்னென்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். சீல் வைத்த சலான்களைக் காட்டுங்கள், கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள், நகல் எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து நான் பெட்டிஷன் எழுதினேன். அதற்கடுத்த வருஷத்துத் தவணைகளிலும் என் வீட்டுக்காரர் அதே கைவரிசையைக் காட்டியிருந்தார். அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லி எழுதினேன். நிஜமாகக் கட்ட வேண்டிய மீதியைக் கெடுவுக்குள் கட்டிவிடுகிறோம், மற்றதை ஆர்டர் வரும்வரை வற்புறுத்த வேண்டாம் என்றும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேரே இன்கம்டாக்ஸ் ஆபீஸுக்குப் போனோம். ஆபீஸர் வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் தட்டித் தடவித்தான் வந்தது. சலானைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன? ஆயிரத்து நூறு? அவ்வளவு பழைய வரியா?" என்றார்.

பக்கத்தில் நின்ற கிளார்க்கால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரிய ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து விரித்தார். எங்கள் பணம் பத்திரமாக அதில் இருந்தது, ஆனால் ஒரு வருஷம் தள்ளி. "சார், இது மலையாள வருஷம். இந்த வருஷம் முடியுதது பணம் கெட்டினதுக்கு அடுத்த ஆடியில. அவங்க கணக்கும் ஆடியிலதான் முடியுது. அதனால அந்தக் கணக்குக்கு உள்ள வரின்னு அடுத்த வருஷத்துல வச்சுட்டேன்" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அவர் இருந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். யார் மேலும் கோபப்பட வழியில்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆபீஸர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்கள் ஏன் இந்த வருஷம் எழுதினீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டுத் தானே சொன்னார். ஆடியில் கணக்கு முடிப்பதையும், ஆவணியில் ஆண்டு பிறப்பதையும், தான் கட்டியது முடிந்துபோன கணக்குக்கு என்பதையும், எழுதியது மட்டும் கட்டிய நாளின் ஆண்டு என்பதையும் மெதுவாக, ஆபீஸருக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆபீஸரும் மேஜை மேலிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்கு என் வீட்டுக்காரரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதை அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"சரி. நான் கஜானாவுக்கு எழுதிக் கேட்டு, பார்த்து, ஆர்டர் போடுவேன். இன்று போட முடியாது" என்றார் ஆபீஸர்.

"எப்ப சார் வரும்?" என்றேன்.

"வரும்" என்றார். பெட்டிஷனின் நகலில் வாங்கிக்கொண்டதாகச் சீல் வைத்துத் தந்தார்கள். அந்தச் சீல்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடிப்பு.

ஊருக்குத் திரும்பி மறுநாளே தென்காசி கஜானாவில் உண்மையான மீதியைக் கட்டினோம். சலானில் வருஷத்தை இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்து எழுத வைத்தேன். கஜானாவிலிருந்து நேரே மண்டிக்குப் போனோம். குத்தகையைக் கொடுத்துவிட்டால் பெட்டி காலி. நாளைக்கு ஆபீஸர் மனசு மாறி, முடியாது, முழுவதும் கட்டு என்று சொன்னால் எதை எடுத்துக் கட்டுவது? அப்பீல் நாளும் அதற்குள் போயிருக்கும். என் வீட்டுக்காரர் மண்டி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"குடுத்திருவமா?" என்றார்.

"குடுங்க" என்றேன். அண்ணாச்சி நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "இந்த வருசம் சாரல் நல்லாருக்கும்னு பேசிக்கிடுதாங்க" என்று சொல்லி ரசீது எழுதினார். எதிர்க்கடைக்காரர் மறுநாள் பல் துலக்கும்போது எங்கள் மாடியைப் பார்க்கவில்லை. செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனி பிறந்ததும் மலையில் மேகம் இறங்கியது. அருவி விழுந்தது. அறைகள் நிறைந்தன. எண்ணெய் தேய்க்கிறவர்கள், அரப்பு விற்கிறவர்கள், பழக்காரர்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்று கூவினார்கள். ஈரத் துணி காயாத நாட்கள். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் காக்கிச் சட்டை யாராவது படியேறினால், இன்கம்டாக்ஸ் பியூனோ என்று இருவரும் எட்டிப் பார்ப்போம். பார்த்தால் ரயில்வேயிலிருந்து குளிக்க வந்த ஆளாக இருப்பார், அறை கேட்பார். அப்பீல் நாள் முடிந்ததை அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அவன் நேரில் வரவில்லை. நான் அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆடியில் ஒரு பகல், நல்ல சாரலில், தபால்காரர் நனைந்துகொண்டே ரிஜிஸ்தர் கவர் ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கம்போல என் வீட்டுக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். நான் கவரைப் பிரித்தேன். திருத்தி எழுதிய ஆர்டர். தவணைகள் எல்லாவற்றையும் சரியான வருஷத்தில் கழித்திருந்தார்கள். நாங்கள் கட்டிய மீதியையும் வரவு வைத்திருந்தார்கள். கடைசி வரியில் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். அடுத்த வருஷத்துச் சலான்களையும் இடம் மாற்றியிருப்பதாகத் தனியே ஒரு தாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அவசரத்தில் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரமாக இருந்த நாற்காலி, தபால்காரர் எழுந்துபோனது. "அப்பம் நான் நாளைக்குச் செங்கோட்டைக்கு ஒரு நடை போயிட்டு வரணும்" என்றார்.

"செங்கோட்டையில என்ன?"

"மரக்கடையில கணக்கெழுத ஆள் வேணும்னாக. ஆவணி ஒண்ணுல இருந்து வாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"எப்பச் சொன்னீக?"

"குத்தகை குடுத்த மறுநாளு. ஆர்டர் எதிராப் போச்சுன்னா சீசன் வருமானத்த அவுக எடுத்துக்கிடுவாக. அடுத்த வருசம் குத்தகை கிடையாது. ஒன்னக் கஷ்டப்பட விட்டுரக் கூடாதுல்லா? அதான்."

பெட்டியைக் காலி செய்ய நான் குடுங்க என்று சொன்னபோது இந்த மனுஷன் தயங்காமல் கொடுத்துவிட்டு, மறுநாளே போய் எனக்காக ஒரு சம்பள வேலையையும் பிடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். சாரலோடு சாரலாக இவ்வளவு நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டே, தங்க வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று எழுந்து கொடியில் கிடந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நாளைக்கு எதுக்கு? இப்பமே போங்க. போய் வரலைன்னு சொல்லிட்டு வாங்க."

"கூட்டமாயிருக்கே. மேஜையில ஆள் வேணும்லா?"

"நான் இருக்கேன். போங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று நனைந்த மூட்டைகளோடு படியேறியது. "மேனேஜர் இல்லையாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒரு வேலை வேண்டாம்னு சொல்லப் போயிருக்காக. ரூம் இருக்கு, மேல வாங்க" என்றேன்.